உண்ட பின் மூன்று மணி நேரம்: ஹயாட்டஸ் ஹெர்னியாவை அறிதலும் ஆளுதலும்

மார்பறையையும் வயிற்றறையையும் பிரித்து நிற்கும் குவிமாட வடிவிலான தசைத்தகடு உதரவிதானம் எனப்படும். வாயிலிருந்து உணவைக் கொண்டுசெல்லும் உணவுக்குழாய் மார்பின் வழியே இறங்கி, வயிற்றறையில் இருக்கும் இரைப்பையைச் சேர வேண்டுமானால் இந்தத் தகட்டைக் கடந்தாக வேண்டும். அதற்காக உதரவிதானத்தின் தசைநார்களுக்கு இடையே அமைந்திருக்கும் திறப்புக்கே ஹயாட்டஸ் என்று பெயர். இந்தத் திறப்பு தளர்ந்து அகன்று, வயிற்றறைக்குள்ளேயே இருக்க வேண்டிய இரைப்பையின் மேற்பகுதி அதன் வழியே மார்பறைக்குள் ஏறிவிடும் நிலை ஹயாட்டஸ் ஹெர்னியா ஆகும். தொப்புளிலோ தொடையிடுக்கிலோ தோன்றும் ஹெர்னியாவைப் போல இது வெளியே புடைத்துத் தெரிவதில்லை என்பதால், பெரும்பாலோர் இதன் பெயரை முதன்முதலில் அறிவது எண்டோஸ்கோப்பி அறிக்கையைக் கையில் வாங்கும்போதுதான்.

அறிக்கையில் அந்தப் பெயரைக் கண்டதும் எழும் அச்சத்துக்குப் பெரும்பாலும் காரணம் இல்லை. ஹயாட்டஸ் ஹெர்னியாவில் இரண்டு முதன்மை வகைகள் உண்டு. அவற்றின் போக்கு முற்றிலும் வேறானது. முதல் வகையில், உணவுக்குழாயும் இரைப்பையும் கூடும் சந்தியே மேல்நோக்கி வழுக்கி மார்புக்குள் சென்று, பிறகு கீழே இறங்கியும் வருகிறது. வழுக்கும் வகை எனப்படும் இதுவே நூற்றில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்களிடம் காணப்படுவது. இதன் தொல்லை ஏறக்குறைய முழுவதும் அமிலம் மேலேறுவதால் வருவது. இரண்டாம் வகையில், இரைப்பையின் உச்சிப் பகுதி உணவுக்குழாயின் பக்கவாட்டில் உருண்டு மார்புக்குள் ஏறுகிறது. அப்போது சந்தி தன் இடத்திலேயே இருக்கலாம். அதுவும் கூடவே ஏறிவிடும் கலப்பு நிலையே மிகுதி. பக்கவாட்டு வகையான இதில் அமிலத்தைவிட, இடம் மாறிய இரைப்பை மடங்கிக்கொள்வதும் முறுக்கிக்கொள்வதுமே கவலைக்குரியவை. எனவே அறிக்கையைப் பெற்றவர் மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை சென்டிமீட்டர் என்பதல்ல, எந்த வகை என்பதே.

திறப்பு தளர்வதற்கு வயதே பெரிய காரணம். உணவுக்குழாயை உதரவிதானத்தோடு பிணைத்து வைத்திருக்கும் மெல்லிய இணைப்புத்திசு ஐம்பது வயதுக்குப் பின் நெகிழ்ச்சி இழக்கிறது. வயிற்றுப்பருமன், கருவுறுதல், ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் இருமல், மலச்சிக்கலால் முக்குதல், பளுத் தூக்கும் தொழில் ஆகிய அனைத்தும் வயிற்றறையின் அழுத்தத்தைத் திரும்பத் திரும்ப உயர்த்தி அந்தத் திசுவை மேலும் நைய வைக்கின்றன. எலும்பு மெலிந்து முதுகு கூனிய மூதாட்டிகளிடம் பெரிய ஹெர்னியாக்கள் காணப்படுவதற்கும், வயிற்றறை உயரத்தில் குறுகி உள்ளுறுப்புகள் மேலே தள்ளப்படுவதே காரணம்.

அறிகுறிகள்

உணவுக்குழாயின் அடிமுனையில் உள்ள சுருக்குத்தசை, விழுங்கும்போது மட்டும் திறந்து மற்ற நேரங்களில் மூடியிருக்கும் காவலாக அமைந்துள்ளது. இயல்பான உடலில் உதரவிதானத்தின் தசைநார்கள் இந்தச் சுருக்குத்தசையை வெளியிலிருந்து சுற்றிப் பிடித்திருப்பதால், ஒரே இடத்தில் இரண்டு காவல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைகின்றன; இருமும்போதும் குனியும்போதும் வயிற்றழுத்தம் உயரும் அதே நொடியில் உதரவிதானமும் இறுகி அமிலத்தைத் தடுத்துவிடுகிறது. வழுக்கும் ஹெர்னியாவில் சுருக்குத்தசை மார்புக்குள் ஏறிவிட, உதரவிதானம் கீழேயே நின்றுவிடுவதால் இரண்டும் பிரிந்து, தனித்தனியே வலுவிழக்கின்றன. இரண்டுக்கும் இடையே மாட்டிக்கொண்ட சிறு இரைப்பைப் பையில் அமிலம் தேங்கி, சுருக்குத்தசை தளரும்போதெல்லாம் உணவுக்குழாய்க்குள் ஏறுகிறது.

இதனால் தோன்றும் முதன்மை அறிகுறிகள் இரண்டு. ஒன்று நெஞ்செரிச்சல், அதாவது மேல்வயிற்றிலிருந்து நெஞ்செலும்புக்குப் பின்னால் தொண்டையை நோக்கி ஏறும் எரிவு. மற்றொன்று எதுக்களித்தல், அதாவது குமட்டலோ முயற்சியோ இல்லாமல் புளித்த நீரோ உண்ட உணவோ வாய்வரை வந்துவிடுவது. இவை இரண்டையும் நோயாளிகள் பெரும்பாலும் 'கேஸ்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றனர். ஆனால் எரிச்சல் மாத்திரைக்குக் கட்டுப்படுவது, எதுக்களித்தல் அவ்வளவாகக் கட்டுப்படாதது. பின்னால் அறுவை சிகிச்சையைப் பற்றி முடிவெடுக்கும்போது இந்த வேறுபாடே பெரிதும் கணக்கில் கொள்ளப்படும் என்பதால், இரண்டையும் தொடக்கத்திலிருந்தே பிரித்துச் சொல்லப் பழகுவது நல்லது. இரவில் படுத்த பின் வரும் வறட்டு இருமல், காலையில் குரல் கரகரத்தல், தொண்டையில் ஏதோ அடைத்திருப்பது போன்ற உணர்வு ஆகியனவும் அமிலம் மேலேறுவதால் வரலாம்; எனினும் இவற்றுக்கு வேறு காரணங்களும் பல உண்டு, ஹெர்னியா இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டிவிடுவது தவறான வழி.

பெரிய பக்கவாட்டு ஹெர்னியாவின் அறிகுறிகள் வேறு முகம் கொண்டவை. சில வாய் உண்டதுமே வயிறு நிறைந்துவிடும். நெஞ்சின் நடுவே கனமும் வலியும் தோன்றி ஏப்பம் விட்டாலோ வாந்தி எடுத்தாலோ குறையும். மார்பறையில் இரைப்பை இடம் பிடித்துக்கொள்வதால் சாப்பிட்ட பின் மூச்சு வாங்கும். இன்னொரு அறிகுறி நெடுநாள் மறைந்தே இருப்பது. உதரவிதானத்தின் விளிம்பு அழுத்தும் இடத்தில் இரைப்பையின் மடிப்புகளில் கேமரன் புண்கள் எனப்படும் கோடு போன்ற சிராய்ப்புகள் உண்டாகி, கண்ணுக்குத் தெரியாத அளவில் இரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். முதியவர் ஒருவருக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தும் இரத்தசோகை திரும்பத் திரும்ப வருமானால், பெருங்குடலைச் சோதிப்பதோடு ஹயாட்டஸ் பகுதியையும் பார்க்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. எரிச்சலும் மாரடைப்பின் வலியும் ஒரே இடத்தில் தோன்றுபவை. மருத்துவர்களே ஈசிஜி எடுக்காமல் பிரித்தறியத் தயங்கும் அளவுக்கு ஒத்தவை. வியர்வை, மூச்சுத்திணறல், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, நடக்கும்போது வந்து நின்றால் குறையும் வலி ஆகியவற்றில் எதுவும் இருந்தால், ஹெர்னியா உள்ளவர் என்று முன்பே தெரிந்திருந்தாலும் இதயத்தையே முதலில் சோதிக்க வேண்டும். விழுங்கும்போது உணவு தடைபடுதல், காரணமில்லாத எடைக்குறைவு, கறுப்பு மலம், இரத்த வாந்தி ஆகியவை இருப்பவர்கள் உணவுப் பழக்கத்தை மாற்றிப் பார்த்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. எண்டோஸ்கோப்பி தாமதமின்றிச் செய்யப்பட வேண்டும்.

பேருணவு ஏன் ஆகாது

நெஞ்செரிச்சல் என்றதும் காரத்தையும் புளியையும் குறைக்கச் சொல்வதே வழக்கமான அறிவுரை. அதில் ஓரளவு உண்மை இருந்தாலும், ஹயாட்டஸ் ஹெர்னியாவைப் பொறுத்தவரை உணவின் சுவையைவிட அதன் அளவும் நேரமுமே கூடுதல் கேடு செய்கின்றன. இரைப்பை நிறைந்து அதன் உச்சிப்பகுதி விரியும்போது, விழுங்காத நிலையிலும் சுருக்குத்தசை சில நொடிகள் தானாகத் தளர்கிறது. உட்சென்ற காற்றை ஏப்பமாக வெளியேற்றுவதற்காக எல்லா மனிதரிடமும் இயற்கை வைத்துள்ள ஏற்பாடு இது. இரைப்பை எவ்வளவு விரிகிறதோ அவ்வளவுக்கு இந்தத் தளர்ச்சிகள் மிகும். இயல்பான உடலில் இவற்றின் வழியே பெரும்பாலும் காற்று மட்டும் வெளியேறிவிட, ஹெர்னியா உள்ளவரிடம் காற்றோடு அமிலமும் ஏறுகிறது.

ஏறும் அமிலம் உணவோடு கலந்து வீரியம் குறைந்ததாக இருக்கும் என்றுதான் நெடுங்காலம் கருதப்பட்டது. கிளாஸ்கோ நகர ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வு அதை மாற்றியது. உண்ட பின் இரைப்பையின் நடுவே உள்ள உணவு அமிலத்தைத் தணித்துவிட்டாலும், புதிதாகச் சுரக்கும் அமிலம் உணவோடு கலக்காமல் அதன் மேலே, சந்திக்கு நேர்கீழே ஓர் அடுக்காக மிதக்கிறது என்று அவர்கள் காட்டினர். இந்த அடுக்கு அமிலப்பை எனப்படுகிறது. ஹெர்னியா உள்ளவரிடம் அந்த அமிலப்பை உதரவிதானத்துக்கு மேலே, மார்புக்குள் ஏறிய பகுதியிலேயே தங்கிவிடக்கூடும். வயிறு வெறுமையாக இருக்கும்போதைவிட நிறைய உண்ட பிறகே எரிச்சல் மிகுவதன் காரணம் இதுவே.

ஆகவே ஒரு வேளையில் இரைப்பைக்குள் செல்லும் மொத்தப் பருமனைக் குறைப்பதே முதல் பணியாகிறது. சாம்பார்ச்சோறு, ரசச்சோறு, மோர்ச்சோறு என்று வரிசையாக உண்டு, இடையிலும் முடிவிலும் தண்ணீர் குடிக்கும் மதிய உணவில், சோற்றைக் குறைத்துவிட்டதாக எண்ணுபவரும் நீர்மப் பொருள்களைக் கணக்கில் எடுப்பதில்லை. இரைப்பையின் சுவரை விரிப்பதில் சோறும் மோரும் தண்ணீரும் ஒன்றே. வழக்கமாக உண்ணும் அளவில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, அதை முற்பகலுக்கோ மாலைக்கோ ஒரு சிறு வேளையாக மாற்றிக்கொள்வதும், தண்ணீரை உணவோடு சேர்க்காமல் வேளைகளுக்கு இடையில் குடிப்பதும் நடைமுறையில் எளிதாகக் கைகூடும் மாற்றங்கள். பிரியாணி, பூரி, வடை, பஜ்ஜி போன்ற கொழுப்பு மிகுந்தவை இரைப்பையை விட்டு மெதுவாக வெளியேறுவதால், அளவு குறைவாக இருந்தாலும் நெடுநேரம் தங்குகின்றன. அவற்றை முற்றிலும் விலக்க இயலாதவர் இரவுக்குக் கொண்டுபோகாமல் பகலில் வைத்துக்கொள்ளலாம். காப்பி, தக்காளி, புளிக்குழம்பு, எலுமிச்சை ஆகியவற்றின் விளைவு ஆளுக்கு ஆள் மாறுவதால், எது எரிச்சலைத் தருகிறதோ அதை மட்டும் விடுவது போதும். இல்லாத குற்றத்துக்காக எல்லாவற்றையும் நாடு கடத்த வேண்டியதில்லை.

திட உணவில் ஏறக்குறையப் பாதி இரைப்பையை விட்டு வெளியேறவே இரண்டு மணி நேரமளவு ஆகிறது. முழுவதும் வெளியேற நான்கு மணி நேரம் வரை ஆகலாம். இரவு உணவுக்கும் படுக்கைக்கும் இடையே குறைந்தது மூன்று மணி நேரம் வேண்டும் என்ற விதி இதிலிருந்தே வருகிறது. ஒன்பதரைக்கு உண்டு பத்தரைக்குப் படுப்பவர், இரைப்பை பெரும்பகுதி நிறைந்திருக்கும் நிலையில், ஈர்ப்பு விசையின் துணையையும் இழந்துவிடுகிறார். பகலில் ஏறிய அமிலம் விழுங்கும் எச்சிலாலும் ஈர்ப்பாலும் விரைவில் கழுவப்படும். உறக்கத்தில் விழுங்குதலும் எச்சில் சுரத்தலும் மிகக் குறைந்துவிடுவதால், இரவில் ஒருமுறை ஏறிய அமிலம் நெடுநேரம் தங்கிப் புண்ணை ஆழமாக்குகிறது.

குனிதலும் படுத்தலும்

இடுப்பை மடித்துக் குனியும்போது இரண்டு கேடுகள் ஒருங்கே நிகழ்கின்றன. வயிறு மடிந்து அழுந்துவதால் வயிற்றறையின் அழுத்தம் உயர்ந்து இரைப்பையை மேல்நோக்கித் தள்ளுகிறது. உணவுக்குழாய் கிடைநிலைக்கு வருவதால் அமிலம் இறங்க வேண்டிய சரிவும் இல்லாமல் போகிறது. தரையில் கிடப்பதை எடுக்கக் குனிந்ததும் வாயில் புளிநீர் வந்துவிடுவது வழுக்கும் ஹெர்னியாவுக்கே உரிய அடையாளம் என்று சொல்லுமளவுக்குப் பரவலானது.

வீட்டு வேலைகளில் எவை குனியச் செய்கின்றன என்பதைவிட, அவை எப்போது செய்யப்படுகின்றன என்பதே முக்கியம். வெறும் வயிற்றில் விடியற்காலை கோலம் போடுவதாலோ வாசல் பெருக்குவதாலோ பெரும்பாலோருக்குத் தொல்லை வருவதில்லை. அதே குனிதல் உணவுக்குப் பின் பாத்திரம் கழுவும்போது நிகழுமானால் எதுக்களித்தல் உறுதி. எனவே தரை துடைத்தல், துணி துவைத்தல், தோட்ட வேலை, குழந்தையைத் தூக்குதல், எரிவாயு உருளையை நகர்த்துதல் ஆகியவற்றை உணவுக்கு முன்னே முடித்துக்கொள்வதும், உண்ட பின் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு நிமிர்ந்து நிற்கும், நடக்கும், அமரும் வேலைகளை மட்டும் வைத்துக்கொள்வதும் தக்கது. கீழே இருப்பதை எடுத்தே ஆக வேண்டுமானால் முதுகை வளைக்காமல், மார்பை நிமிர்த்தியபடி முழங்காலை மடக்கித் தாழ வேண்டும். சாய்வு நாற்காலியிலோ மெத்தென்ற சோபாவிலோ புதைந்து உட்கார்வதும் மறைமுகமான குனிதலே என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. முதுகு நேராக இருக்கும் மர நாற்காலியே உண்ட பின் அமர ஏற்றது. வணங்கி விழுதலையும் தொழுகையில் சிரம் தாழ்த்துதலையும் விட வேண்டியதில்லை, உணவுக்கு முன் அமையுமாறு வேளையை ஒழுங்கு செய்தால் போதும். தலையைத் தாழ்த்தி உடலை மேலே தூக்கும் சர்வாங்காசனம், ஹலாசனம் போன்ற ஆசனங்கள் மட்டும் வெறும் வயிற்றிலும் தவிர்க்கத்தக்கவை.

இடுப்பைச் சுற்றி இறுகக் கட்டும் பாவாடை நாடாவும், பெல்ட்டும் குனியாமலேயே குனிந்த விளைவைத் தருகின்றன. கட்டின் இடத்தை மாற்றுவதோ நாடாவுக்குப் பதிலாக நெகிழும் பட்டையைத் தைத்துக்கொள்வதோ சிறு செயலாகத் தோன்றினாலும், வயிறு பருத்தவர்களிடம் இதன் பலன் தெளிவாகத் தெரியும்.

படுக்கையைப் பொறுத்தவரை, தலையணையை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவது மிகப் பரவலான பிழை. அதனால் கழுத்தும் இடுப்பும் மடிகின்றனவேயன்றி உணவுக்குழாய் உயர்வதில்லை. கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் 15 முதல் 20 செ.மீ. உயரத்துக்கு மரக்கட்டையோ செங்கல்லோ வைத்து, கட்டில் முழுவதையும் சரிவாக்குவதே சரியான முறை. பாயில் படுப்பவர் தோள்முதல் இடுப்புவரை தாங்கும் ஆப்பு வடிவ நுரைமெத்தையைப் பயன்படுத்தலாம். இடப்பக்கம் சாய்ந்து படுக்கும்போது இரைப்பையின் கொள்ளிடம் சந்திக்குக் கீழே அமைவதால் அமிலம் ஏறுவது குறைகிறது. வலப்பக்கம் படுத்தால் சந்தி அமிலத்தில் மூழ்கிய நிலைக்கு வந்துவிடுகிறது.

ஒரு மாதிரி நேர்வு

இவையனைத்தும் ஒருவருடைய நாளில் எவ்வாறு பொருந்துகின்றன என்பதைக் காட்ட, 152 செ.மீ. உயரமும் 71 கிலோ எடையும் கொண்ட 58 வயது இல்லத்தரசி ஒருவரைக் கற்பனையாக எடுத்துக்கொள்ளலாம். எண்டோஸ்கோப்பியில் அவருக்கு 3 செ.மீ. அளவிலான வழுக்கும் ஹெர்னியாவும், உணவுக்குழாயின் அடியில் 5 மி.மீ.க்குச் சற்று மேற்பட்ட நீளமுள்ள இரண்டு புண்களும் காணப்படுகின்றன. மாலை ஆறு மணிக்குக் காப்பியும் பஜ்ஜியும், வீட்டில் அனைவரும் உண்ட பின் ஒன்பதரைக்குச் சோறும், உடனே முற்றத்தில் சிறு பலகையில் அமர்ந்து குனிந்தவாறு பாத்திரம் கழுவுதலும், பத்தரைக்குப் படுக்கையும் அவருடைய வழக்கம். நள்ளிரவில் இருமலோடு விழித்து எழுந்து அமர்ந்துவிடுகிறார்.

அவருடைய நாளில் மாற்ற வேண்டியவை மூன்றே. இரவு உணவு ஏழேகாலுக்கு நகர்ந்து, இரண்டு அல்லது மூன்று இட்லியளவில் முடிகிறது, மாலைப் பலகாரம் நீங்குகிறது. பாத்திரம் கழுவும் வேலை மறுநாள் காலைக்கோ வீட்டில் உள்ள வேறொருவருக்கோ செல்கிறது. கட்டிலின் தலைப்பக்கம் இரண்டு செங்கல் உயர்கிறது. இவற்றோடு மருத்துவர் எட்டு வாரங்களுக்குப் பேன்டோப்ரசோல் 40 மி.கி. மாத்திரையைக் காலை உணவுக்கு அரைமணி நேரம் முன்பு எழுதித் தருகிறார். இந்த நேர ஒழுங்கில் பொருள் உண்டு: இவ்வகை மாத்திரைகள், இரைப்பைச் சுவரில் அமிலம் சுரக்கும் பம்புகளை அவை வேலை செய்யும்போது மட்டுமே அடைக்கின்றன, உணவு அந்தப் பம்புகளை எழுப்பும் வேளையில் மருந்து இரத்தத்தில் இருந்தாக வேண்டும். எரிச்சல் வந்த பிறகோ உணவுக்குப் பின்னோ விழுங்குபவருக்கு மருந்து வேலை செய்யவில்லை என்று தோன்றுவது இதனாலேயே.

எட்டு வார முடிவில் அவர் எடை 67 கிலோவாகி, எரிச்சலும் இரவு இருமலும் நின்றிருந்தால், மாத்திரையின் அளவை மருத்துவர் படிப்படியாகக் குறைத்துப் பார்ப்பார். பழக்கங்கள் மட்டும் தொடரும். ஹெர்னியா அப்படியே இருக்கும், அதை மாத்திரையோ உணவுமுறையோ கீழே இறக்குவதில்லை. ஆயினும் தொல்லை தராத வழுக்கும் ஹெர்னியாவுக்கு வேறு எதுவும் செய்ய வேண்டியதில்லை. மாறாக, எரிச்சல் அடங்கியும் குனியும்போதும் படுக்கும்போதும் உணவு வாய்வரை வருவது நிற்கவில்லையென்றால், நிலைமை வேறு. மாத்திரை ஏறும் திரவத்தின் அமிலத்தன்மையைக் குறைக்கிறதேயன்றி ஏறுவதைத் தடுப்பதில்லை என்பதால், மாத்திரையை இரட்டிப்பாக்குவதில் பயன் குறைவு. அறுவை சிகிச்சையைப் பற்றிய பேச்சு தொடங்க வேண்டிய இடம் அதுவே.

அறுவை சிகிச்சை எப்போது

வழுக்கும் வகையில், உரிய அளவில் உரிய நேரத்தில் மருந்து உட்கொண்டும் எதுக்களித்தல் தொடர்பவர்கள், எதுக்களித்தது மூச்சுக்குழாய்க்குள் சென்று நுரையீரல் தொற்று வருபவர்கள், மருந்து ஒவ்வாதவர்கள், பெரிய ஹெர்னியாவோடு ஆழ்ந்த உணவுக்குழாய்ப் புண் உள்ளவர்கள், வாழ்நாள் முழுவதும் மருந்தை விரும்பாத நடுவயதினர் ஆகியோரே அறுவைக்குத் தக்கவர்கள். மருந்துக்கு நன்கு கட்டுப்படுபவர் அறுவையால் கூடுதலாகப் பெறுவது சிறிதே. 2011இல் வெளியான ஐரோப்பிய ஒப்பீட்டு ஆய்வொன்றில், மருந்துக்குக் கட்டுப்படும் நோயாளிகளிடையே ஐந்தாண்டு முடிவில் மருந்துப் பிரிவில் 92 விழுக்காட்டினரும் அறுவைப் பிரிவில் 85 விழுக்காட்டினரும் நோய் அடங்கிய நிலையில் இருந்தனர்; எதுக்களித்தல் அறுவைப் பிரிவில் குறைவாகவும், விழுங்கும் சிரமமும் வயிற்று உப்புசமும் அங்கே கூடுதலாகவும் இருந்தன.

கத்தியை எடுக்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகளில் எண்டோஸ்கோப்பி ஒன்று மட்டும் போதாது. மூக்கின் வழியே மெல்லிய கம்பியை உணவுக்குழாயில் நிறுத்தி 24 மணி நேர அமில அளவைப் பதிவு செய்யும் பிஎச் சோதனையில், நாளின் 6 விழுக்காட்டுக்கு மேற்பட்ட நேரம் அமிலம் நிலவினால் நோய் உறுதியாகிறது. உணவுக்குழாயின் தசை அழுத்தத்தை அளக்கும் மானோமெட்ரி, அகலேசியா என்னும் வேறொரு நோய் மறைந்திருக்கிறதா என்பதைக் காட்டுகிறது. அந்நோயில் சுருக்குத்தசை திறக்க மறுப்பதால் உணவு தேங்கி எதுக்களிக்கிறது. அதை ஹெர்னியாவின் எதுக்களிப்பாகக் கருதிச் சந்தியை மேலும் இறுக்கினால், நோயாளி தண்ணீரையும் விழுங்க இயலாதவராகிவிடுவார். இச்சோதனைகள் இல்லாமல் நேரடியாக அறுவை நாள் குறிக்கப்படுமானால், வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பது நியாயமானது.

அறுவையின் அடிப்படை முறையை ருடால்ஃப் நிஸ்ஸன் 1955இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் செய்தார். வயிற்றைத் திறக்காமல் சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில் அதைப் பெல்ஜியத்தின் பெர்னார் டலமான் 1991இல் அறிவித்தார். முதலில் மார்புக்குள் ஏறிய இரைப்பை கீழே இழுக்கப்பட்டு, உணவுக்குழாயின் அடிப்பகுதி 2 முதல் 3 செ.மீ. வரை இழுவிசையின்றி வயிற்றறைக்குள் தங்குமாறு விடுவிக்கப்படுகிறது. அடுத்து, அகன்ற திறப்பு தையலிட்டுச் சுருக்கப்படுகிறது. இறுதியாக இரைப்பையின் உச்சிப்பகுதி உணவுக்குழாயின் பின்புறமாகச் சுற்றி எடுத்துவரப்பட்டு, கழுத்துத்துண்டு போலத் தைக்கப்படுகிறது. ஃபண்டோப்ளிகேஷன் எனப்படும் இந்தச் சுற்று முழுவட்டமாக இருந்தால் நிஸ்ஸன் முறை, பின்புறம் முக்கால் வட்டமாக இருந்தால் டூபே முறை. விழுங்கும் சிரமம் குறைவாக இருப்பதால் பகுதிச் சுற்றைப் பலர் விரும்புகின்றனர். உடற்பருமன் மிகுந்தவர்களுக்கு இந்தச் சுற்று நெடுநாள் நிற்பது அரிது என்பதால், எடைக்குறைப்புக்கான பைபாஸ் அறுவையே இரு நோய்களுக்கும் ஒருசேர உதவக்கூடும். இரைப்பையைக் குழாயாக வெட்டிக் குறுக்கும் ஸ்லீவ் அறுவை மட்டும் அமில ஏற்றத்தை மோசமாக்கக்கூடியது.

அறுவைக்குப் பின் சந்தி வீங்கியிருப்பதால் முதல் ஒன்றிரண்டு வாரங்கள் நீராகாரமும், அதன்பின் ஏறக்குறைய ஆறாம் வாரம் வரை நன்கு குழைந்த உணவுமே உட்கொள்ள வேண்டும்; அந்தக் காலத்தில் பளுத் தூக்குதல் கூடாது. ஏப்பம் விட இயலாமை, உப்புசம், வாந்தி எடுக்க முடியாமை ஆகியவை சிலரிடம் நிலைத்துவிடுகின்றன. பெரிய ஹெர்னியாக்களில் தையலிட்ட திறப்பு ஆண்டுகள் செல்லச் செல்லத் திரும்ப அகல்வதும் உண்டு. ஐந்தாண்டு கழித்துப் பேரியம் படத்தில் பார்த்தால் பாதிப் பேருக்கு மேல் ஓரளவு திரும்பியிருப்பது தெரியவந்துள்ளது. எனினும் அவர்களில் மிகச் சிலருக்கே மறு அறுவை தேவைப்படுகிறது, ஏனெனில் திரும்பும் ஹெர்னியா சிறிதாகவும் தொல்லை குறைந்ததாகவும் இருப்பதே பெரும்பான்மை.

பக்கவாட்டு வகையைப் பற்றிய கருத்து காலப்போக்கில் மாறி வந்துள்ளது. 1967இல் ஸ்கின்னரும் பெல்சியும் வெளியிட்ட கட்டுரையில், அறுவையின்றிக் கண்காணிக்கப்பட்ட 21 நோயாளிகளில் 6 பேர் சிக்கல்களால் இறந்ததாகக் கூறப்பட்டதால், அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அறுவை செய்தே தீர வேண்டும் என்பது ஒரு தலைமுறைக்கு விதியாக நின்றது. பின்னர் வந்த கணக்கீடுகள், அறிகுறியற்றவர்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கே அவசர அறுவை தேவைப்படுகிறது என்று காட்டியதால், இன்று தொல்லையில்லாத முதியவரைக் கண்காணிப்பிலேயே வைப்பது ஏற்கப்பட்டுள்ளது. வலி, வாந்தி, விழுங்கத் தடை, தொடரும் இரத்தசோகை, உண்டபின் மூச்சுத்திணறல் ஆகியவற்றில் ஒன்றேனும் இருந்து, மயக்க மருந்தைத் தாங்கும் உடல்நிலையும் இருந்தால், அறுவையைத் தள்ளிப்போடுவதில் பொருளில்லை.

கண்காணிப்பில் இருப்பவரும் அவர் குடும்பத்தாரும் ஒரு நிலையைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். மேல்வயிற்றிலோ நெஞ்சிலோ திடீரெனக் கடும் வலி தோன்றி, ஓங்கரித்தும் எதுவும் வெளிவராமல் போனால், இரைப்பை முறுக்கிக்கொண்டு இரத்த ஓட்டம் தடைபட்டிருக்கலாம். அங்கே கடக்கும் ஒவ்வொரு மணியும் இரைப்பைச் சுவரை அழுகலை நோக்கித் தள்ளுகிறது. அந்த வேளையில் ஜெலுசில் குடித்துக் காத்திராமல், எதையும் உண்ணாமல் பருகாமல், அறுவை மருத்துவரும் சிடி ஸ்கேனும் உள்ள மருத்துவமனைக்குச் சென்று, பெரிய ஹயாட்டஸ் ஹெர்னியா இருப்பதை அவசரப் பிரிவு மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லி, பழைய எண்டோஸ்கோப்பி அறிக்கையை அவர் கையில் கொடுக்க வேண்டும்.